தலைக்கு எட்டாத கை

"எங்கள் குழுவின் சார்பில் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம்" என்றுதான் அந்த மெயில் தொடங்கியது. எங்கள் குழு என்பது நான். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் கம்ப்யூட்டர் இருக்கும், மறுபக்கம் மனைவி காய் நறுக்குவாள். அவளையும் சேர்த்துக்கொண்டால் குழு என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவளைக் கேட்டால், தனக்கும் இந்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுவாள்.

நான் அனிமேஷன் செய்பவன். ஒரு பெரிய ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்கப் போவதில்லை என்று வீர வசனம் பேசிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகு கிடைத்த ஒரே வாடிக்கையாளர் இந்த மேடம்தான். குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்துகிறார். கை முறிந்து, கட்டுப் பிரித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லித்தர ஒரு கரடிக்குட்டி வேண்டும், அது டிவியில் செய்து காட்டினால் பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள் என்று கேட்டார். முதல் பயிற்சி பிடித்திருந்தால் வரிசையாக மற்ற பயிற்சிகளும் எனக்கே. பிடிக்காவிட்டால் நான் பழைய ஸ்டுடியோவின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்னிடம் வேலை கற்றவன். போனால் உட்காரச் சொல்வான், காபி வாங்கித் தருவான். அந்தக் காபியை நினைத்தாலே எனக்குக் கசக்கும்.

கரடிக்குட்டியின் படத்தை வரைந்து அனுப்பியபோதே மேடம் போனில் கொஞ்சம் தயங்கினார்.

"தலை கொஞ்சம் பெருசா இருக்கோ சார்? கை குட்டையா தெரியுது."

"குழந்தைங்களுக்குப் பெரிய தலைதான் மேடம் பிடிக்கும். எங்க துறையில இது நிரூபிச்ச விஷயம்" என்றேன்.

யார் நிரூபித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். சரி என்று ஒப்புதல் அனுப்பினார். நான் உருவத்தைச் செய்தேன், உள்ளே எலும்புகளைப் பொருத்தினேன், முதல் பயிற்சியை அசைத்து முடித்தேன். ஒரு கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி. அதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. தலை பெரியது, கை சின்னது, கை மேலே போகும் வழியில் தலை இடித்தது. நான் சளைக்கவில்லை. கரடியை இடுப்பிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளைக் கொஞ்சம் மேலே ஏற்றி, தலையை அந்தப் பக்கமாக ஒதுக்கிவிட்டேன். கை தலையைத் தாண்டி மேலே போவது போலவே தெரிந்தது. காலிலிருந்து விரல்நுனி வரை ஒரே வளைவு. எனக்கே கண் பட்டுவிடும்போல இருந்தது. படத்தை அனுப்பும்போது, "அந்தச் சாய்வைக் கவனியுங்கள் மேடம், உயிரோட்டமே அதில்தான் இருக்கிறது" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. கரடியைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு சிறு மாற்றம், தலையைக் கொஞ்சம் சின்னதாக்கி, கையைக் கொஞ்சம் நீளமாக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சிறு மாற்றம் என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கட்டி முடித்த வீட்டில் தூணைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உடனே உட்கார்ந்து எழுதினேன். கோபத்தில் எழுதும்போது எனக்குத் தமிழ் அருவியாகக் கொட்டும்.

"உருவத்தைச் செய்த பிறகு அதற்குள் ஓர் எலும்புக்கூட்டைப் பொருத்துகிறோம். இதை ரிக்கிங் என்போம். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய ஒவ்வொரு மூட்டும் அந்த உருவத்தின் அளவுக்கு ஏற்ற இடத்தில் உட்கார வேண்டும். பிறகு தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு சேர்ந்து நகர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறோம். கையை நீளமாக்கினால் முழங்கையின் இடம் மாறிவிடும். எலும்பை மாற்றாமல் விட்டால், கை முழங்கையில் மடங்காமல் வேறெங்கோ மடங்கும். எலும்பை மாற்றினால் தோலை மறுபடி இணைக்க வேண்டும். அக்குளும் தோளும் கசங்காமல் மடிய, அந்த இடங்களை மறுபடி சீர்செய்ய வேண்டும். தலையைச் சிறிதாக்கினால் கழுத்துக்கும் அதே கதி. இதற்கெல்லாம் மேலாக, இதுவரை செய்த அசைவுகள் பழைய நீளத்துக்குக் கணக்கிட்டவை. அதே கோணத்தில் தோளைத் திருப்பினாலும், புதிய கையின் விரல் பழைய இடத்தில் போய் நிற்காது. ஆகவே இது சிறு மாற்றம் அல்ல, மறுவேலை."

இத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் மேதாவித்தனம் யாரை விட்டது? இன்னொரு பத்தி எழுதினேன்.

"தங்களுக்கு எளிதில் விளங்கும்படி ஓர் உதாரணம் தருகிறோம். மனிதத் தோளை எடுத்துக்கொள்வோம். மேற்கை எலும்பின் உருண்டையான முனை ஒரு குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அதனால்தான் நம்மால் கையைச் சுழற்ற முடிகிறது. கையின் நீளம் திடீரென்று மாறினால், அந்த உடம்பு ஒவ்வோர் அசைவையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் அல்லவா? மேலும், உருவத்துக்குத் தாங்கள் ஒப்புதல் அளித்துவிட்டீர்கள் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்."

அனுப்பிவிட்டு எழுந்து சோம்பல் முறித்தேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மனைவி ஒரு போன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க ஊரார் எழுதும் கோபக் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வது அவள் வேலை. அவள் வேலை முடிந்து வந்ததும் பெருமையாக மெயிலைக் காட்டினேன். கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"அந்தம்மாவ எதுக்கு இப்படித் திட்டியிருக்கீங்க?"

"எங்க திட்டியிருக்கேன்? முழுக்க மரியாதையாத்தானே இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். இவ்வளவு மரியாதையா யாரும் சும்மா எழுத மாட்டாங்க. 'அன்புடன் நினைவூட்டுகிறோம்'னு வந்தாலே நாங்க அதைத் தனியா எடுத்து வெச்சிடுவோம், மேலதிகாரி பாக்கட்டும்னு."

"விளக்கம் எப்படி? அதைச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே புரிஞ்சிடுச்சு." மறுபடி கடைசிப் பத்திக்கு வந்தாள். "ஆமா, அவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"பிசியோதெரபிஸ்ட். பிள்ளைங்களுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். அவள் கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். பிறகு, நடுக்கூடத்தில் நின்று வலது கையைத் தூக்கி, தோளை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"உருண்டையான முனை" என்றாள்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடமாகத் தோள்பட்டையோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தருக்குத் தோள்பட்டை என்றால் என்ன என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதுவும் எளிதில் விளங்கும்படி.

மறுநாள் காலையில் பதில் வந்தது. திறக்கவே பயம். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"விளக்கத்துக்கு மிக்க நன்றி. இப்போது நன்றாகப் புரிகிறது. மறுவேலை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தோள் பற்றிய பத்தியை மிகவும் ரசித்தேன். அதில் ஒரு சிறு மாற்றம் மட்டும். கையைத் தூக்கும்போது குழிக்குள் இருக்கும் எலும்பு மட்டும் நகர்வதில்லை, முதுகுப்பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே நகரும். முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை இங்கே வந்து பார்க்க முடியுமா?"

சிறு மாற்றம் என்று வேண்டுமென்றேதான் எழுதினாரா என்று மனைவியைக் கேட்டேன். புகார்ப் பிரிவு அனுபவத்தில் யோசித்துவிட்டு, "அவங்க நல்லவங்க. அதனால வேணும்னேதான்" என்றாள்.

இருக்கிற சட்டைகளில் நல்லதைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அது மாடியில் இருக்கும் பெரிய அறை. தரை முழுக்க நீல விரிப்பு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இன்னொரு சுவரில் தரையிலிருந்து மேலே வரை வண்ண ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் இன்றைக்கு எந்த ஸ்டிக்கர் வரை கை எட்டியது என்று பார்ப்பதற்காம். பெற்றோர்கள் ஓரமாக நாற்காலிகளில் இருந்தார்கள். நடுவில் டிவி, அதில் என் கரடி. பெரிய திரையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டை ஒரு சுற்று இறுக்கமானது.

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைவிட வயதில் மூத்தவர், குள்ளமானவர், குரலை உயர்த்தத் தேவையில்லாதவர்.

"முதல்ல கொஞ்ச நேரம் பாருங்க சார். அப்புறம் பேசலாம்."

மூன்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கரடி கையைத் தூக்கியது. பிள்ளைகளும் தூக்கினார்கள். கரடி இடுப்பிலிருந்து சாய்ந்தது. மூன்று பேரும் சாய்ந்தார்கள். கரடி தோளை ஏற்றியது, தலையை ஒதுக்கியது. அவர்களும் அப்படியே. ஒரே வளைவு, ஒரே நேரம், கண்ணாடியில் இன்னும் மூன்று பேர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அசைத்த பொம்மைகளை ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறார்கள், பார்க்காமலும் சாப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து நின்று என் வளைவைத் தங்கள் உடம்பில் யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

"பாத்தீங்களா சார்?"

"ரொம்ப அழகா செய்யறாங்க மேடம்" என்றேன், குரல் தழுதழுக்க.

"ஆமா. அதுதான் பிரச்சினை."

ஓரத்தில் நின்ற சிறுமியிடம் அவர் போனார். எட்டு வயது இருக்கும், நீளமான முடி, அதை யாரோ பாடுபட்டு இரண்டாகப் பிரித்துப் பின்னியிருந்தார்கள். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கீழேயும் இருந்தது. மேடம் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒரு கையை அவள் இடுப்பிலும் மறுகையைத் தோள் மேலும் வைத்துக்கொண்டார்.

"இப்ப தூக்கு கண்ணு. சாயாம."

சிறுமி தூக்கினாள். கை அவள் தோள் உயரத்துக்கு வந்தது, இன்னும் கொஞ்சம் ஏறிக் காது வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அவள் முகம் சுருங்கியது.

"அவ்வளவுதான் சார், நெஜமா அவளுக்கு வர்றது" என்றார் மேடம். "மிச்சம் எல்லாம் உடம்பு பண்ற கள்ளத்தனம். தோள் இறுகியிருந்தா பிள்ளைங்க இடுப்பைச் சாய்ச்சு, தோளை ஏத்தி, கை மேல போன மாதிரி காட்டுவாங்க. அதை நிறுத்தத்தான் நாங்க நாள் பூரா பின்னாடி உக்காந்து புடிச்சிட்டு இருக்கோம்."

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"ஆனா கரடி அப்படித்தான் செய்யுது. கரடி சாயுதே" என்றாள்.

நான் என்ன செய்ய? இறுகிய தோளுக்கு உடம்பு செய்கிற கள்ளத்தனத்தைத்தான் நான் குட்டைக் கைக்குச் செய்திருந்தேன். இடுப்பு, தோள், தலை, வரிசைகூட மாறவில்லை. செய்ததும் இல்லாமல், கவனியுங்கள் மேடம் என்று சுட்டிக்காட்டி வேறு அனுப்பியிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால் அது மாடி, கீழே இருப்பது மருந்துக்கடை.

"இதை மெயில்லயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"அந்தச் சாய்வுலதான் உயிரே இருக்குன்னு எழுதியிருந்தீங்க. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, கை நீளத்தை மட்டும் கேட்டேன். கை எட்டினா நீங்களே சாய்க்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். மறுவேலையிலிருந்து தப்ப ஒரு சந்து தெரிந்தது.

"கரடியை நேரா நிக்க வெச்சு, கையைக் காது வரைக்கும் மட்டும் தூக்க வெச்சிடறேன் மேடம். பிள்ளைங்களுக்கும் இப்ப அவ்வளவுதானே வருது? கை நீளத்தை மாத்தவே வேணாம்."

மேடம் மறுக்கவில்லை. சிறுமியின் பக்கம் திரும்பி, "கை சரியானதும் முதல்ல என்ன பண்ணணும்னு சொன்ன? இவர்கிட்டயும் சொல்லு" என்றார்.

"நானே தலை வாரிக்கணும்" என்றாள் அவள். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அப்பா வாரினா எல்லாரும் சிரிக்கறாங்க."

நாற்காலியில் இருந்த அப்பா, பஸ் ஓட்டுநர், யூனிபார்மோடு வந்திருந்தவர், தன் பெரிய கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "நானும் பழகிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றார்.

"கடைசிப் பயிற்சி அதுதான் சார்" என்றார் மேடம். "சீப்பை எடுத்து, நேரா நின்னு, உச்சியில வெச்சு வாரறது. உங்க கரடியால அது முடியுமா?"

திரையில் கரடி மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. நான் அதன் கையை அளந்தேன், தலையை அளந்தேன். அளக்கவே தேவையில்லை. நேராக நின்றால் அதன் விரல் தன் காதைத் தாண்டாது. இந்த ஜென்மத்தில் அது தன் உச்சந்தலையைத் தொடாது. கட்டே போடாத, முறிவே இல்லாத என் கரடிக்கு அந்த அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும்விட மோசமான தோள்.

எலும்பு போடுவதற்கு முன்னால், செய்ய வேண்டிய அசைவுகளில் மிகவும் கஷ்டமானது எதுவோ அதை ஒரு தடவை தோராயமாக வைத்துப் பார்க்க வேண்டும். கை எட்டுகிறதா, முட்டுகிறதா என்று. பழைய ஸ்டுடியோவில் என்னிடம் வேலை கற்றவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இங்கே செய்யவில்லை. தலை அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

"மேடம், மெயில்ல எழுதினது எல்லாம் சரிதான்" என்றேன். "மறுவேலைதான். ஆனா உங்களால வந்தது இல்ல. நீங்க படத்தைப் பாத்தப்பவே கேட்டீங்க. அன்னைக்கே நான் கையை எட்ட வெச்சுப் பாத்திருக்கணும். அந்த ஒப்புதல் நினைவூட்டல் எல்லாம் மறந்துடுங்க."

"எனக்கு அந்த மெயில் பிடிச்சிருந்தது சார். 'உடம்பு ஒவ்வோர் அசைவையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்'னு எழுதியிருந்தீங்களே, அதை இங்க வேலை பாக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். நம்ம வேலை என்னன்னு ஒரு பொம்மைக்காரர் நம்மைவிட நல்லா எழுதியிருக்கார்னு சொன்னேன்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது மெயிலை எழுதினேன். தலையைச் சிறிதாக்கி, கையை நீளமாக்கி, எலும்பு, தோல், அசைவு எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறேன், தவறு என்னுடையது, அதுவரை பழைய கரடியைப் போட வேண்டாம், அவ்வளவுதான். மனைவி படித்துவிட்டு, "இதை அனுப்புங்க. மரியாதை அளவா இருக்கு" என்றாள்.

வேலையைத் தொடங்கியதும், முதல் மெயிலில் நான் பயமுறுத்தியது எல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. முழங்கையை நகர்த்தினேன், அக்குள் கசங்கியது. அக்குளைச் சரிசெய்தேன், மார்பு உள்ளே போனது. ஓர் ஆசைக்குப் பழைய அசைவைப் புது உடம்பில் ஏற்றிப் பார்த்தேன். கரடி சாய்ந்து, நளினமாகக் கையைத் தூக்கி, கட்டைவிரலால் தன் கண்ணையே குத்திக்கொண்டது. மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். குழுவில் யாராவது சிரித்தால் நல்லதுதான். பழைய அசைவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். நேராக நிற்கும் கரடி. சாய்வு இல்லை, வளைவு இல்லை, ஸ்டுடியோவில் காட்டினால் என்னடா கம்பத்தை நட்டு வைத்திருக்கிறாய் என்பார்கள். கை மட்டும் மெதுவாக ஏறும், கடைசிப் பயிற்சியில் சீப்போடு உச்சி வரை. அந்தத் தோளில் தோள்பட்டை எலும்பையும் சேர்த்து நகர்த்தினேன். மேடத்தின் சிறு மாற்றம்.

புதுக் கரடியை முதன்முதலில் போட்ட அன்று நானும் போயிருந்தேன். ஓட்டுநரும் மகளும் இருந்தார்கள். இதற்குள் மேடத்தின் பிடியில் அவள் கை ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஏறியிருந்தது. பின்னல்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்திருந்தன. அப்பாவும் பழகியிருந்தார்.

கரடி திரையில் வந்து நின்றது. சிறுமி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்குத் தலை சின்னதாயிடுச்சு" என்றாள். "பழைய கரடிதான் அழகு."

எங்கள் துறையில் நிரூபித்த விஷயம் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். மேடமும் கீழே பார்த்துக்கொண்டார், சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

கரடி சீப்பை எடுத்தது. அவளும் எடுத்தாள். கரடியின் கை நேராக ஏறியது, காதைத் தாண்டியது, உச்சியில் போய் நின்றது. அவள் கை காதருகில் வந்ததும் தயங்கியது. மேடம் பின்னால் மண்டியிட்டு, தொடாமல், கைகளை மட்டும் இடுப்பருகே தயாராக வைத்திருந்தார். சிறுமி பல்லைக் கடித்தாள். அவள் சாயவில்லை. கை இன்னும் கொஞ்சம் ஏறியது, நடுங்கியது, சீப்பு முடியில் போய் உட்கார்ந்தது. முன்நெற்றியிலிருந்து பின்னால் ஓர் இழுப்பு இழுத்தாள்.

வகிடு ஆறு ஓடுவது மாதிரி கோணலாகப் போனது. ஓட்டுநர் சரிசெய்யக் கையை நீட்டினார், பாதியிலேயே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அதில் ஒரு சிறு மாற்றம் வேண்டும் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.